பஞ்சர் ஆகாத சக்கரமும் நெருஞ்சி முள்ளும்

எங்கள் நாற்றுப் பண்ணையில் மூன்று வண்டிகள் இருக்கின்றன: மண் அள்ளும் ஒற்றைச் சக்கர வண்டி, தொட்டிகளை ஏற்றும் நான்கு சக்கர வண்டி, கிடங்கில் உர மூட்டைகளை நகர்த்தும் கை டிராலி. சென்ற கோடையில் பஞ்சர் ஒட்டியே சலித்துப்போய், மூன்றிலும் காற்று டயரைக் கழற்றிவிட்டு, நுரை டயர்களை மாட்டினேன். ஓராண்டு கழிந்த பின் டிராலியில் மட்டுமே அதை விட்டுவைத்திருக்கிறேன். மற்ற இரண்டும் மீண்டும் காற்றுக்கே வந்துவிட்டன.

கடைகளில் 'நுரை நிரப்பியது' என்ற ஒரே பெயரில் இரு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, முழு டயரையுமே பாலியூரித்தேன் நுரையில் வார்த்தெடுப்பது. அது எடை குறைந்தது. மற்றொன்று, சாதாரண டயருக்குள் வால்வு வழியாகத் திரவத்தைச் செலுத்தி, ரப்பர்போல் இறுகவிடுவது. நம் ஆட்டோக்களில் ஓடும் 4.00-8 அளவு டயருக்குள் ஏறத்தாழ 5 லிட்டர் இடம் இருக்கிறது என்பதால், அதை இவ்வாறு நிரப்பினால் ஒரு சக்கரத்தின் எடை 5 கிலோ அளவுக்குக் கூடிவிடும். கையால் தள்ளும் வண்டிக்கு அது வீண் சுமை. நான் வாங்கியது முதல் வகை.

ஒற்றைச் சக்கர வண்டியில்தான் குறை முதலில் தெரிந்தது. ஈர மண்ணை நிரப்பிக் கைப்பிடியைத் தூக்கினால் சுமையின் பெரும்பகுதி அந்த ஒரே சக்கரத்தின்மேல் இறங்குகிறது. 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டயரில் 30 பிஎஸ்ஐ காற்று இருந்தால், அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ அழுத்தம் இருந்தால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 43 சதுர சென்டிமீட்டர். காற்றை 15 பிஎஸ்ஐ ஆகக் குறைத்தால் அது இருமடங்கை நெருங்கும். டயர்ச் சுவரின் விறைப்பும் கொஞ்சம் சுமையைத் தாங்குவதால் சரியாக இருமடங்கு ஆகாது. மழைக்குப் பின் பாத்திகளுக்கு இடையே தள்ளும்போது சக்கரம் புதைவதும் புதையாததும் இந்தப் பரப்பைப் பொறுத்ததே. நுரை டயருக்கோ வார்த்த அன்றைக்கு அமைந்த விறைப்புதான் என்றைக்கும். நான் வாங்கியது ஈர மண்ணில் கத்தியாக இறங்கியது.

அப்படியானால் முள்ளுக்கு என்ன வழி? என் பஞ்சர்களில் பாதி என் கவனக்குறைவால் வந்தவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நெருஞ்சி முள் டியூபைக் குத்திய பிறகு, அதன் நுனி முறிந்து டயருக்குள்ளேயே தங்கிவிடுகிறது; டியூபை மட்டும் ஒட்டி மாட்டினால் மறுநாளே அது மீண்டும் குத்தும். பழைய துணியை டயரின் உட்புறம் முழுவதும் தேய்த்தால், துணி சிக்கும் இடத்தில் முள் இருக்கும். விரலால் தேடக் கூடாது, நான் தேடியிருக்கிறேன். காற்று மிகக் குறைந்து ஓட்டினாலும் கேடுதான்: டியூப் ரிம்மின்மேல் மெல்ல நகர்ந்து, வால்வின் அடிப்பகுதி கிழிந்துவிடும். வால்வு சாய்ந்து நிற்பதே அதற்கான முன்னறிகுறி. இப்போது டியூபுக்குள், ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் சீலன்ட் திரவத்தை ஊற்றி, சக்கரத்தைத் தூக்கிப் பலமுறை சுழற்றிவிடுகிறேன். நடை வேகத்தில் உருளும் சிறிய சக்கரத்தில் அது தானாகப் பரவாமல் அடியிலேயே தேங்கிவிடும்.

நான்கு சக்கர வண்டி தோற்றதற்குக் காரணம் வேறு. மண் நிரப்பிய தொட்டிகளோடு மூன்று வாரம் ஒரே இடத்தில் நின்றது. பிறகு தள்ளியபோது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை குதித்தது. சக்கரத்தை உயர்த்தி, அதன் ஓரத்தில் ஒரு செங்கல்லை வைத்துச் சுழற்றிப் பார்த்தபோது, ஓரிடத்தில் மட்டும் இடைவெளி அகன்றது. சுமையின் கீழ் நுரை தட்டையாகிவிட்டிருந்தது. பளுவை இறக்கியதும் கொஞ்சம் மீண்டதே தவிர முழு வட்டம் திரும்பவில்லை.

டிராலி இரவில் வெறுமையாக நிற்கும். பகலில் சிமெண்டுத் தரையில் மட்டுமே ஓடும். மேலும், அதன் 4 அங்குல ரிம்மில் நேரான வால்வு அச்சுக் குடத்தில் முட்டிக்கொள்வதால் பம்பின் வாயை நுழைக்கவே முடியாது. வளைந்த வால்வு டியூபைத் தேட வேண்டும். அந்தத் தொல்லைக்கு நுரை டயரே மேல். ஆயினும் சில வகைப் பாலியூரித்தேன் ஈரப்பதத்தால் சிதையக்கூடியது. அலமாரியில் கிடந்த பழைய ஷூவின் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே நோய்தான். அதனால் மழைக்காலம் முடிந்ததும் டிராலியின் டயரை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். பிசுபிசுப்பு இல்லை, துகளும் உதிரவில்லை.