பதினோரு பைசாவுக்கு யார்டைத் திறந்த கணக்கு

ராத்திரி பதினொன்றே காலுக்கு டிரெய்லர் டிரைவர் போன் பண்ணி, "இன்னா சார், யார்டு பூட்டிக்கினு கீது, வாட்ச்மேன் கூட இல்ல. நாங்க ரோட்லயே நிக்கிறதா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? பின்னால் இன்னும் நாலு வண்டி நிற்கிறது. மணலி ரோட்டில் அந்த நேரத்தில் வண்டியைத் திருப்புவதற்குள் விடிந்துவிடும். நான் திருவொற்றியூர் ஆபீசில் உட்கார்ந்து பிளானைத் திறந்து பார்க்கிறேன். இருப்பதிலேயே மலிவான திட்டத்தைத் தேடித் தரும் சால்வர் மென்பொருள் 'ஆப்டிமல்' என்கிறது, கேப் 0.00%, அதாவது இதைவிட மலிவாக முடியாதாம். அந்த மணலி யார்டுக்கு 60 பெட்டி அனுப்பு என்கிறது. அதே பிளானில் இரண்டு வரி கீழே, அந்த யார்டு இன்று திறக்க வேண்டாம் என்றும் இருக்கிறது!

விஷயம் சிக்கலானதே இல்லை. ராத்திரி ஷிப்டில் துறைமுகத்திலிருந்து வரும் 140 கண்டெய்னரை எங்காவது இறக்க வேண்டும். எங்கள் சொந்த யார்டில் 80 இடம். மிச்சத்துக்கு வாடகை யார்டு மூன்று உண்டு: மணலியில் ஒன்று, மாதவரத்தில் ஒன்று, செங்குன்றம் பக்கம் ஒன்று. எதைத் திறந்தாலும் ஆள், லைட், பெட்டி தூக்கும் ரீச் ஸ்டேக்கர் என்று ஒரு ராத்திரிக்கு 18,000 ரூபாய். திறக்காத யார்டில் பெட்டி இறங்கக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையை எனக்கு முன்னால் இந்த சீட்டில் இருந்த புண்ணியவான் இப்படி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்:

```
model.addConstr(x[k] <= 10000000 * y[k])
```

`x[k]` என்பது ஒரு யார்டுக்குப் போகும் பெட்டி எண்ணிக்கை. `y` பூஜ்யம் என்றால் யார்டு மூடல், ஒன்று என்றால் திறப்பு. அந்த ஒரு கோடிதான் பிக்-எம், யார்டு திறந்திருக்கும்போது `x`-ஐ இடிக்காத அளவுக்குப் பெரிய எண். "பெரிசா போட்டா சேஃப் தம்பி, எதுவும் இடிக்காது" என்று எங்கள் மேலாளர் இன்றைக்கும் சொல்கிறார். 140 பெட்டிக்கு ஒரு கோடி எதற்கு அண்ணே? காசிமேட்டில் வஞ்சிரம் பிடிக்கிற வலையை வைத்துக்கொண்டு யாராவது நெத்திலி பிடிப்பார்களா? ஓட்டை வழியாக எல்லாம் போய்விடும். இங்கேயும் அதுதான் நடந்தது.

முழு எண் என்று நாம் சொன்னாலும் சால்வர் அதை அச்சு அசலாக எடுத்துக்கொள்வதில்லை. கம்ப்யூட்டர் தசமக் கணக்கை ஏறக்குறைய பதினாறு இலக்கத்தில்தான் வைத்துக்கொள்கிறது. கூட்டிக் கழித்துப் பெருக்கி வரும்போது கடைசி இலக்கங்கள் கொஞ்சம் ஆடும். அதனால் ஒரு எண் முழு எண்ணுக்கு மிகப் பக்கத்தில் இருந்தால் அதை முழு எண்ணாகவே ஏற்றுக்கொள்கிறது. எவ்வளவு பக்கம் என்பதற்கு `IntFeasTol` என்று ஓர் அளவு உண்டு. நாங்கள் ஓட்டுவதில் அது யாரும் தொடாத வரை 0.00001. அதாவது `y` 0.00001-க்குள் இருந்தால் 'பூஜ்யம்தான், போ' என்று விட்டுவிடும். அதில் தப்பு இல்லை. அந்தச் சலுகை இல்லையென்றால் எந்தக் கணக்கும் முடியாது.

இப்போது ஒரு கோடியை 0.00001 ஆல் பெருக்குங்கள். 100. யார்டு மூடியே இருக்கும், ஆனால் 100 பெட்டி வரை உள்ளே போகலாம்! அன்று போனது 60. சால்வர் `y`-க்கு 0.000006 கொடுத்தது, ஒரு கோடியால் பெருக்கினால் சரியாக 60. திறப்புச் செலவு 18,000 பெருக்கல் 0.000006, ஆக மொத்தம் 0.108 ரூபாய். பதினோரு பைசாவுக்கு ஆள், லைட், ரீச் ஸ்டேக்கர் எல்லாம்! அந்த விலைக்கு ஒரு டீயில் ஒரு வாய் கூட வராது. சால்வர் பொய் சொல்லவில்லை. நாம் போட்ட விதிக்குள் இருப்பதிலேயே மலிவான வழியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது.

இது ஏன் இத்தனை நாள் தெரியவில்லை? எங்கள் ஸ்கிரிப்ட் `round(y[k].X)` என்று அச்சடித்தது. 0.000006 திரையில் 0 ஆகிவிட்டது. நான் அந்த `round`-ஐ எடுத்துவிட்டுப் பார்த்தபோது `6e-06` என்று பல்லைக் காட்டியது. சால்வர் எழுதும் லாக் ஃபைலின் தொடக்கத்திலேயே `Matrix range [1e+00, 1e+07]` என்று வேறு எழுதியிருந்தது. ஒன்றுக்கும் கோடிக்கும் இடைப்பட்ட எண்களை ஒரே மேட்ரிக்ஸில் அடைத்திருக்கிறீர்கள் என்று அது ஒவ்வொரு ராத்திரியும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. யார் லாக் படிக்கிறார்கள்? கிளை பிரிக்கும் முன்பே, ரூட் நோடிலேயே ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். முடியாமல் என்ன செய்யும், எதையும் தீர்மானிக்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லையே!

ஓட்டை இது ஒன்று மட்டுமல்ல. `y`-யின் பன்னிரண்டாம் தசம இடத்தில் ஒரு சின்னப் பிசகு வந்தாலும், ஒரு கோடியால் பெருக்கும்போது அது 0.00001 ஆகி அந்த வரிக்குள் வந்து நிற்கும். வரிக்கு அனுமதிக்கப்பட்ட பிழையோ 0.000001. பத்து மடங்கு தாண்டிவிட்டது. அதனால்தான் சில நாள் ஒழுங்கான டேட்டாவுக்கே 'இன்ஃபீசிபிள்', அதாவது தீர்வே இல்லை என்று வரும், வரிசையை மாற்றி ஓட்டினால் சரியாகிவிடும். நாங்கள் அதற்கு சர்வரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் மேலாளரிடம் சொன்னேன். "அப்ப அந்த டாலரன்ஸைக் குறைச்சிடு" என்றார். குறைத்தேன், 0.000000001 வரைக்கும். ஒழுகல் 100 பெட்டியிலிருந்து 0.01 பெட்டியாகக் குறைந்தது. ஆனால் மற்ற நாட்களின் டேட்டாவுக்கு அது ஓடவே திணறியது. ஓட்டை வாளிக்கு அடியில் பாத்திரம் வைப்பது மாதிரி. வாளியை மாற்றுவதை விட்டுவிட்டு...

"சரி, பத்தாயிரம் போடு." போட்டேன். ஒழுகல் 0.1 பெட்டி, பழைய டாலரன்ஸிலேயே. பெட்டியைப் பத்தில் ஒரு பங்காக யாரும் இறக்க மாட்டார்கள், அந்த வகையில் சரி. ஆனால் இன்னொரு வலி. சால்வர் முதலில் முழு எண் நிபந்தனையை மறந்துவிட்டு ஒரு கணக்குப் போடும். அதில் `y` 60/10000, அதாவது 0.006. திறப்புச் செலவு 108 ரூபாய் என்று மதிப்பிடும். உண்மை 18,000. அந்த 108-க்கும் 18,000-க்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைக் கிளை கிளையாகப் பிரித்துப் பிரித்துத்தான் தூர்க்க வேண்டும். மூன்று யார்டுக்குப் பரவாயில்லை. வாரத் திட்டத்தில் யார்டும் ஷிப்டும் சேர்ந்து பெருகும்போது லஞ்சுக்குப் போய்வந்தாலும் கேப் அசையாது.

அப்போதுதான் நான் உட்கார்ந்து யோசித்தேன். மணலி யார்டில் ஒரு ராத்திரியில் உண்மையில் எத்தனை பெட்டி இறங்க முடியும்? அன்று காலியாக இருந்தது 70 இடம். அங்கே இருக்கும் ஒரு ரீச் ஸ்டேக்கர் மணிக்கு 12 பெட்டி எடுக்கும், எட்டு மணி நேரத்தில் 96. மொத்த வரவே 140. மூன்றில் சின்னது 70. அவ்வளவுதான் எம். இதைக் கண்டுபிடிக்க எந்தப் பட்டமும் வேண்டாம். யார்டு சூப்பர்வைசருக்கு ஒரு போன் போதும்.

```
M = min(slots[k], 12 * 8, inflow)
x[k].UB = M
model.addConstr(x[k] <= M * y[k])
```

இப்போது அதே முதல் மதிப்பீட்டில் `y` 60/70. செலவு 15,429 ரூபாய். 18,000-க்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது, கிளை பிரிக்க அதிகம் இல்லை. ஒழுகல் 0.0007 பெட்டி. எம் என்பது எல்லா யார்டுக்கும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? மாதவரத்தில் 45 இடம்தான், அதற்கு 45. செங்குன்றத்தில் 110 இடம் இருந்தும் ஸ்டேக்கர் 96-க்கு மேல் தூக்காது, அதற்கு 96. நாளைக்கு இடம் மாறினால் எண்ணும் மாறும். டேட்டாவிலிருந்து வர வேண்டிய எண் அது, யாரோ ஒருவர் வாய்க்கு வந்ததைச் சொல்லும் எண் இல்லை.

ஒரு சந்தேகம் வரும்: கணக்கைத் தொடங்கும் முன் சால்வர் மாடலைச் சுருக்கிக்கொள்ளும் பிரீசால்வ் இதையெல்லாம் தானே சுருக்காதா? சுருக்கும், வழி இருந்தால். 140-ஐ இறக்கு என்று சமக்குறியில் எழுதியிருந்தால், ஒரு யார்டுக்கு 140-க்கு மேல் போகாது என்று அதுவே ஊகித்து எம்மைக் குறைத்திருக்கும். நம் ஆள் 'குறைந்தது 140' என்று எழுதியிருந்தார். வாடகை யார்டுகளுக்குக் கொள்ளளவும் எழுதவில்லை. எல்லையே இல்லாத ஒன்றை அது எதை வைத்துச் சுருக்கும்?

நேரடியாக எல்லை தெரியாத இடத்தில் நான் செய்வது இது. பிக்-எம் வரியைத் தூக்கிவிட்டு, மற்ற நிபந்தனைகளோடு அந்த `x`-ஐ மட்டும் அதிகபட்சமாக்கச் சொல்லி ஓட்டுவேன், முழு எண் கட்டுப்பாடு இல்லாமல். வருகிற விடைதான் எம். எங்கள் பழைய மாடலில் அப்படி ஓட்டியபோது 'அன்பவுண்டட்' என்று வந்தது. மாடலில் ஏதோ ஒரு நிஜமான வரம்பை எழுத மறந்திருக்கிறோம் என்று அதற்கு அர்த்தம்.

இறுக்குகிறேன் என்று அளவுக்கு மீறிக் கழுத்தை நெரிக்கவும் கூடாது. பக்கத்து சீட்டுத் தம்பி, "அண்ணே, 140-ல் 80 போனால் 60தானே, எம் 60 போடுவோம்" என்றான். சொந்த யார்டு எப்போதும் நிரம்பும் என்று யார் சொன்னது? ஸ்டேக்கர் பழுதாகி அங்கே 70 மட்டும் இறங்கினால் மிச்சம் 70, 60 என்ற எம் நல்ல திட்டத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். பெரிய எம்மாவது நடுரோட்டில் வண்டியை நிறுத்திக் காட்டிக்கொடுக்கும். சின்ன எம் மூச்சு விடாது, திட்டம் மட்டும் கொஞ்சம் விலை கூடியிருக்கும். அதனால் விடை வந்ததும், திறந்த யார்டில் `x` எம்மைத் தொட்டு நிற்கிறதா என்று பார்க்கிறேன். தொட்டால், அந்த எண்ணுக்குப் பின்னால் உண்மையான சுவர் இருக்கிறதா என்று கேட்கிறேன். 70-க்குப் பின்னால் இடம் தீர்ந்த யார்டு இருக்கிறது. 60-க்குப் பின்னால் எதுவும் இல்லை.

எம்மே வேண்டாம், இண்டிகேட்டர் நிபந்தனை போடு என்று ஒரு நண்பர் சொன்னார். போடலாம், 'y பூஜ்யம் என்றால் x பூஜ்யம்' என்று நேரடியாகவே எழுதலாம், இந்த ஒழுகல் நிற்கும். ஆனால் `x`-க்கு எல்லை கொடுக்காவிட்டால் அந்த முதல் மதிப்பீடு பழையபடி நோஞ்சானாகத்தான் வரும். எப்படிச் சுற்றினாலும் யார்டு சூப்பர்வைசருக்குப் போன் பண்ணித்தான் ஆக வேண்டும்.

போன வாரம் இதை மாற்றி ஓட்டினேன். மணலி யார்டு திறந்தது, வாட்ச்மேன் இருந்தார், 60 பெட்டியும் விடிவதற்குள் இறங்கியது, டிரைவர்களிடமிருந்து ஒரு போன் கூட இல்லை. காலையில் ரிவ்யூ மீட்டிங்கில் மேலாளர் இரண்டு பிளானையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "பழைய மாடலில் இதே வேலை பதினோரு பைசாவில் முடிந்ததே தம்பி, உன் மாடலில் ஏன் 17,999 ரூபாய் 89 பைசா கூடுதல்?"