குனிந்தால் நோ குறைகிறதா? அதற்காக ஈசிஜியை விடாதீர்கள்

இப்படியொரு செய்தி பலருக்கும் அனுப்பப்படுகிறது: "முன்னுக்குக் குனிய நெஞ்சு நோ குறைஞ்சால் அது மாரடைப்பு இல்லை, இதய உறை அழற்சிதான். ஈசிஜி தேவையில்லை, இப்யூபுரோபன் போட்டுட்டுப் படுங்கோ."

இது பிழை, ஆபத்தான பிழை. உறை அழற்சி என்பது இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் வரும் அழற்சி. அந்த நோ ஊசி குத்துவது போலிருக்கும். மல்லாந்து படுத்தால், மூச்சை ஆழமாக இழுத்தால் கூடும், குனிந்தால் குறையும். அது சரி. ஆனால் மாரடைப்பு வந்த சிலருக்கும் நோ இப்படி மாறுவதுண்டு.

ஒட்டுசுட்டானில் 52 வயதுக்காரர் ஒருவர் இந்த நோவோடு வருகிறார் என்று வைப்போம். ஈசிஜியின் ஒவ்வொரு லீடும் இதயத்தை ஒவ்வொரு கோணத்திலிருந்து காட்டும் பதிவு. அந்தக் கோட்டின் எஸ்டி எனும் பகுதி அநேகமாக எல்லா லீட்களிலும் கிண்ணம் போல வளைந்து உயர்ந்து, பிஆர் எனும் பகுதி தாழ்ந்திருந்தால் உறை அழற்சியை நினைப்பார்கள். எஸ்டி பகுதி 2, 3, ஏவிஎஃப் லீட்களில் மட்டும் உயர்ந்து ஏவிஎல் லீடில் தாழ்ந்திருந்தால், இதயத்தின் கீழ்ச்சுவர் மாரடைப்பு. தெளிவில்லையென்றால் ஈசிஜியைத் திரும்ப எடுத்து, இதயத்தசை சேதமானால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனினையும் பார்ப்பார்கள்.

உறை அழற்சிக்கு இப்யூபுரோபன் அல்லது அஸ்பிரினோடு, அழற்சியைக் குறைக்கும் கொல்சிசின் மருந்தும் கொடுப்பார்கள். மாரடைப்பில் இப்யூபுரோபன் கெடுதல். அங்கே இரத்தக்கட்டியைக் கரைக்க வேண்டும். அந்தக் கரைக்கும் ஊசியை உறை அழற்சிக்குப் போட்டால் உறைக்குள் இரத்தம் கசியலாம்.

ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டியிலோ உங்கள் ஆஸ்பத்திரி வைத்தியரிடமோ சரிபார்க்கலாம். நெஞ்சு நோ வந்தால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.