திட்டியிருந்தாக்கூடத் தேவலை!

மூணு மாச நோட்டீஸையும் முழுசா முடிச்சு, நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் குடுத்து, லேப்டாப்பை ஒப்படைச்சுட்டுத்தான் வெளிய வந்தேன். அப்பவும் என் பழைய மேனேஜருக்கு ஆத்திரம் அடங்கல. புராஜெக்ட் நடுவுல கழட்டிவிட்டுட்டுப் போறேனாம்!

புது கம்பெனிக்காக பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் பண்றவங்க அவருக்குப் போன் போட்டிருக்காங்க. மனுஷன் தப்பா ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் சாமர்த்தியம். "வேலை எப்படிங்க?" "ம்ம்... ஓகே." "மறுபடியும் சேர்த்துப்பீங்களா?" "அதை ஹெச்ஆர்கிட்ட கேட்டுக்கோங்க." முடிஞ்சுது. பச்சையில வரவேண்டிய ரிப்போர்ட், 'ஏதோ சந்தேகம் இருக்கு'ன்னு அர்த்தமாகிற ஆம்பர்ல வந்துச்சு. என் ஆஃபர் அந்தரத்துல தொங்குச்சு. வருஷா வருஷம் எனக்கு நல்ல ரேட்டிங் போட்டுக் கையெழுத்து வச்சதும் இதே ஆளுதான்! பொய் சொல்லியிருந்தா சண்டையாவது போடலாம். "ஓகே"ன்னு சொன்னவரை எந்த கோர்ட்டுக்கு இழுக்கிறது?

வேலை தேடுறவங்க கேட்டுக்கோங்க. வெரிஃபிகேஷன் ஃபார்ம்ல ரெண்டு விஷயம் கலந்து கிடக்கும். ஒண்ணு, நீங்க எப்போ சேந்தீங்க, எப்போ விலகினீங்க, என்ன பதவிங்கிறது. இதை ஹெச்ஆரே சொல்லிடலாம், அதனால கம்பெனியோட ஹெச்ஆர் மெயில் ஐடியைக் குடுங்க. மேனேஜர் பேரைக் கேட்டா உண்மையான பேரையே எழுதுங்க. நண்பனை மேனேஜரா நடிக்க வச்சா கம்பெனி மெயில்ல இருந்து பதில் கேட்பாங்க, அங்கேயே மாட்டிப்பீங்க, அப்புறம் ரிப்போர்ட் சிவப்புதான்.

இன்னொண்ணு ரெஃபரன்ஸ். பெரும்பாலும் ஆளை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். மேனேஜருக்கு மேல இருந்தவர், உங்களோட வேலை பார்த்து இப்போ வேற இடத்துல இருக்கிற சீனியர், இப்படி ரெண்டு பேர்கிட்ட முன்னாடியே கேட்டுடுங்க. எந்த புராஜெக்ட்ல என்ன பண்ணீங்கன்னு ஞாபகப்படுத்தியும் வைங்க. திடீர்னு போன் வந்தா நல்லவங்களுக்கே வாய் குழறும்.

அப்ரைசல் லெட்டரை எல்லாம் கடைசி நாளுக்கு முன்னாடியே இறக்கி வச்சுக்கணும், அன்னைக்கு சாயங்காலமே போர்ட்டல் மூடிடுவாங்க. உங்க பேருக்கு வந்த கடிதங்களை மட்டும் எடுங்க. கிளையன்ட் ஃபைலைச் சொந்த மெயிலுக்கு அனுப்பினா வம்பு வேற ரூபத்துல வரும்.

மேனேஜர் மேல சந்தேகம் இருந்தா ரெக்ரூட்டர்கிட்ட முன்கூட்டியே, புலம்பாம, ஒரே வரியில சொல்லிடுங்க: "நான் விலகினதுல அவருக்கு வருத்தம், இந்த ரெண்டு பேர்கிட்டயும் பேசிப் பாருங்க." ரிப்போர்ட் வந்த பிறகு இதையே சொன்னா சாக்கு மாதிரி கேக்கும்.

ஆம்பர் வந்துட்டாலும் எதுல சிக்கல்னு ஹெச்ஆர்கிட்ட கேளுங்க. நான் ரிலீவிங் லெட்டர், ரேட்டிங் கடிதங்கள், சேந்த தேதியும் விலகின தேதியும் காட்டுற பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரி, மூணையும் அனுப்பினேன். என் மேனேஜருக்கு மேல இருந்தவர்கிட்டயும் பேச வச்சேன். அப்புறம்தான் சேர விட்டாங்க.

நேத்து லிங்க்ட்இன்ல அதே மேனேஜர் "கங்கிராட்ஸ், வெல் டிசர்வ்ட்!"னு கமென்ட் போட்டிருக்காரு. இதை அந்தப் போன்ல சொல்றதுக்கு என்னய்யா கேடு?