நாற்பதாயிரமா, 38,760-ஆ?

வீடு கட்டத் தொடங்கியபோது, தூண், பீம், கம்பி அளவெல்லாம் காட்டும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்குக்கு இரண்டு இன்ஜினியர்களிடம் விலை கேட்டேன். கட்டப்போவது 1,520 சதுர அடி. பின்னால் மாடி எடுக்கும் யோசனையும் உண்டு. முதலாமவர் வாட்ஸ்அப்பில் ஒரே வரியில், "நாற்பதாயிரம் ஆகும் சார்" என்றார். இரண்டாமவர் லெட்டர்ஹெட்டோடு பிடிஎஃப் அனுப்பினார். கடைசி வரியில் ரூ.38,760.

எனக்கு 38,760தான் பிடித்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார், மற்றவர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். பேரம் பேசும்போதும் இதே கதைதான். நாற்பதாயிரம் என்றால் முப்பத்தைந்துக்கு வருவீர்களா என்று கேட்க வாய் வருகிறது. 38,760 என்பவரிடம் 38,500 கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சில்லறையோடு விலை சொன்னால், விவரம் தெரிந்து சொல்கிறார் என்று எதிராளி எண்ணி, குறைவாகவே பேரம் பேசுகிறார்.

அப்புறம்தான் பிடிஎஃப்பை நிதானமாகப் படித்தேன். 1,520 × 25.50. அவ்வளவுதான் கணக்கு. அந்தத் துல்லியம் என் வீட்டு பிளானில் உள்ள அளவினுடையது, அவர் செய்யப்போகும் வேலையினுடையது அல்ல. செம்மண்ணில் 1,520 சதுர அடி ஒரு வேலை, கரிசலில் வேறு வேலை. கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அஸ்திவாரத்தின் ஃபுட்டிங்கை அதற்கேற்ப யோசிக்க வேண்டும். அந்த 25.50-க்கு மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. அடியில் பொடி எழுத்தில், சைட்டுக்கு வந்தால் தடவைக்கு 1,500 தனி. ஃபுட்டிங், பிளிந்த் பீம், ரூஃப் என்று கான்கிரீட் போடுமுன் கம்பியைப் பார்க்க மூன்று தடவையாவது வர வேண்டும். ஆக 43,260.

முதலாமவருக்கு போன் போட்டு, "இதில் என்னென்ன சார் சேர்த்தி?" என்றேன். மண் பரிசோதனை ரிப்போர்ட் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். மூன்று விசிட்டும், ஜிஎஸ்டியும் அந்த நாற்பதுக்குள்ளேயே என்றார். இதுபோல் நிறைய வீடு பார்த்தவர், தன் வேலைக்கு மொத்தமாக ஒரு விலை வைத்திருக்கிறார். 499 ரூபாய் என்று போர்டு வைத்த டாக்டரிடம் நமக்கு ஏன் தயக்கம் வருகிறதோ, அதே காரணத்தால்தான் இவர் 39,999 என்று சொல்லவில்லை.

முழு எண் சொன்னால் நல்ல வேலை என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். சோம்பேறியும் நாற்பதாயிரம் என்றுதான் சொல்வான். என்ன சேர்த்தி என்று கேட்டால் அவன் மழுப்புவான், அதில் தெரிந்துவிடும். பொருள் விஷயத்திலோ எல்லாமே தலைகீழ். கம்பிக்கு மூன்று லட்சம் என்று கான்ட்ராக்டர் மொட்டையாகச் சொன்னால், எந்த விட்டத்தில் எத்தனை கிலோ என்று கேட்டே தீர வேண்டும். அங்கே சில்லறைதான் யோக்கியம்.

வேலை முடிந்து முதலாமவர் பில் கொடுத்தார். கட்டணம் 33,898.31. சிஜிஎஸ்டி 3,050.85, எஸ்ஜிஎஸ்டி 3,050.85. கூட்டினால் ஒரு பைசா அதிகம். அதற்குக் கீழே தனி வரியில் "ரவுண்ட் ஆஃப் −0.01" போட்டு, நாற்பதாயிரம் என்று முடித்திருந்தார்.