வேலைக்கு வராத பிள்ளை வேலையை விட்டுவிட்ட பிள்ளை இல்லை

தாயோடு ஆஸ்பத்திரியில் நின்றதால் வேலைக்கு வராத ஒரு ஜவுளிக்கடைப் பிள்ளைக்கு, அவளாகவே வேலையை விட்டுவிட்டாள் என்று கடையிலிருந்து ஒரு கடிதம் போனது. போன கிழமை முழுக்க எல்லாருடைய சுவரிலும் சுற்றிய அந்தக் கடிதத்தைப் பற்றி எழுதாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் நேற்று இரவு ஒரு அண்ணை வந்து, "கடை என்ன சத்திரமா, நினைச்சா வர நினைச்சா போக" என்று எழுத, அதுக்குக் கீழே இருநூறு பேர் விருப்பம் போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

கடிதத்தை நீங்கள் கைபேசியில் பார்த்தீர்கள். நான் கையில் வாங்கி, உறையோடு பார்த்தேன். கடிதத்தில் போட்ட திகதி 6. "இக்கடிதத் திகதியிலிருந்து மூன்று நாட்களுக்குள் சமுகமளிக்காவிடின் தாங்களாகவே சேவையை விட்டு நீங்கியதாகக் கருதப்படும்" என்று இருக்கிறது. அப்படியென்றால் 9 ஆம் திகதியோடு முடிந்தது. உறையில் யாழ்ப்பாணத் தபாலகம் குத்திய முத்திரை 8. கொடிகாமத்தில் அந்தப் பிள்ளை கையெழுத்து வைத்து வாங்கியது 11. அடுத்த நாள் காலமையே முதல் பஸ்ஸில் கடைக்குப் போயிருக்கிறாள். வாசலில் வைத்தே "உம்மட பேர் இப்ப இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலையை விட்டுவிட்டுப் போன ஒருத்தி எதற்காக முதல் பஸ் பிடித்து வாசலில் வந்து நிற்கிறாள்? இதை மட்டும் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

நான் பல வருடம் ஒரு தனியார் நிறுவனத்தில் ஆட்களின் கோப்பு, வரவுப் புத்தகம், சம்பளம் எல்லாம் பார்த்தவள். இந்த மாதிரிக் கடிதங்களை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். பதவியைக் கைவிட்டது என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக, எங்கள் வாயில் இதற்கு வி.ஓ.பி. என்றுதான் பெயர். "அவருக்கு வி.ஓ.பி. அடிச்சாச்சு" என்போம். ஆகவே முதலாளிமாருக்கு இப்படி ஒரு உரிமையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உரிமை இருக்கிறது. எப்போது இருக்கிறது என்பதுதான் கேள்வி.

எங்கள் நாட்டு நீதிமன்றங்கள் இதில் இரண்டு விடயம் சேர்ந்து இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஒன்று, ஆள் வேலைக்கு வராமல் இருப்பது. மற்றது, இனி இந்த வேலை வேண்டாம் என்ற எண்ணம் அந்த ஆளுக்கு இருப்பது. விஜேநாயக்க எதிர் எயார் லங்கா வழக்கு 1990 ஆம் ஆண்டு இலங்கைச் சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. ஆள் வராமல் இருந்தாலும் வேலையில் தொடர விருப்பம் இருந்தால் அது கைவிட்டதாகாது என்பதுதான் அதன் சாரம். 1996 இல் அரச பொறியியல் கூட்டுத்தாபனத்துக்கு எதிரான நெல்சன் டி சில்வா வழக்கிலும் இதே பேச்சுத்தான். வராதது ஒரு பாதி மட்டுமே. மறு பாதியைக் காட்டாமல் கடிதம் அடித்தால் அதற்குப் பெயர் வேலை நீக்கம்.

"எண்ணத்தை யார் திறந்து பார்க்கிறது?" என்று கேட்பீர்கள். திறந்து பார்க்கத் தேவையில்லை, ஆள் என்ன செய்தார் என்பதைப் பார்த்தால் போதும். வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாரா? தன் சாமான்களையும் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு போனாரா? விளக்கம் கேட்டு அனுப்பிய கடிதத்தை வாங்கியும் வாய் திறக்காமல் இருக்கிறாரா? நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பெடியன் சம்பளம் எடுத்த அடுத்த நாளிலிருந்து காணாமல் போனான். இரண்டு கடிதம் போட்டோம், பதில் இல்லை. பிறகு பார்த்தால் கட்டாரிலிருந்து படம் போடுகிறான். அது கைவிட்டது. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நியாயமான காரணம் சொல்லாமல் நீண்ட காலம் ஒருவர் ஒதுங்கியே இருந்தால் அந்த இருப்பிலிருந்தே எண்ணத்தை ஊகிக்கலாம் என்று கட்டடப் பொருட்கள் கூட்டுத்தாபன வழக்கில் முதலாளி பக்கமும் தீர்ப்பு இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

சரி, இப்போது அந்தப் பிள்ளையின் கதைக்கு வருவோம். "ஒருக்கா இல்லை, மூன்று மாதமா அடிக்கடி வராமல் விட்டவள்" என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். இதுதான் உங்கள் பெரிய ஆயுதம். நன்றாக யோசித்துப் பாருங்கள். ஒரு திங்கள் வரவில்லை, செவ்வாய் வந்து கையெழுத்துப் போட்டு இரவு கடை பூட்டும் வரைக்கும் நின்றாள். இரண்டு கிழமை கழித்து மறுபடி ஒரு நாள் வரவில்லை, அடுத்த நாள் வந்தாள். தாய்க்கு பெரியாஸ்பத்திரியில் கிளினிக். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்திருக்கிறாள். அந்த வரவுப் புத்தகத்தில் இருக்கிற ஒவ்வொரு கையெழுத்தும் "எனக்கு இந்த வேலை வேண்டும்" என்பதற்குச் சாட்சி. நீங்கள் அவளுக்கு எதிராகக் காட்டுகிற புத்தகமே அவள் பக்கம்தான் பேசுகிறது.

அடிக்கடி வராமல் விடுவது குற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது ஒழுக்காற்றுப் பிரச்சினை. அதற்கு வேறு வழி இருக்கிறது. முதலில் எழுத்தில் எச்சரிக்கை. பிறகும் நடந்தால் இன்ன இன்ன திகதியில் வரவில்லை என்று குற்றப்பத்திரம் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் விசாரணை. விசாரணையில் குற்றவாளி என்று கண்டால் நீக்குங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் அதற்கு நேரம் போகும், அவளும் வாய் திறந்து நாலு வார்த்தை சொல்லிவிடுவாள். அந்த நாலு வார்த்தையைக் கேட்கப் பிடிக்காமல்தான் குறுக்கு வழியாக இந்தக் கடிதம். மூன்று மாதத்தில் அவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூடக் கொடுக்கவில்லை. கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கடைசியாக வராமல் இருந்த எட்டு நாளும் காரணம் சொல்லாமல் நின்றாள் என்றதும் பொய். தாயை வாட்டில் விட்ட அன்று இரவே மேற்பார்வையாளருக்கு வட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறாள். இரண்டு நீலச் சரி விழுந்திருக்கிறது. பதில் இல்லை. முதலாளி "எனக்குத் தெரியாது" என்கிறாராம். மேற்பார்வையாளருக்குச் சொன்னது நிறுவனத்துக்குச் சொன்னதாகாது என்றால் அந்த மனிதரை எதற்கு வைத்திருக்கிறீர்கள்?

இன்னொருவர், "அரசாங்கத்தில் ஒரு நாள் வராட்டியே பதவி போயிடும், தனியாருக்கு என்ன" என்கிறார். அண்ணை, அது அரச உத்தியோகத்தருக்கான தாபன விதிக்கோவை. V ஆம் அத்தியாயம். ஜவுளிக்கடைக்கும் அதற்கும் தொடர்பில்லை. தனியார் துறைக்கு இத்தனை நாள் வராவிட்டால் போச்சு என்று சட்டத்தில் ஒரு எண்ணே கிடையாது. மூன்று நாள் என்பது கடிதம் எழுதுகிறவர்கள் தாங்களே போட்டுக்கொண்ட கணக்கு. சின்னக் கடை, நாலு பேர்தான், நல்லூர்த் திருவிழா நேரம் ஆள் இல்லாமல் எப்படி நடத்துவது என்றும் கேட்டிருந்தார்கள். கஷ்டம்தான். தற்காலிகமாக ஒருவரை எடுங்கள்.

இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்பவர்களுக்கு. என்னுடைய தம்பிக்கும் இதே மாதிரி நடந்தது. எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். டெங்கு வந்து வாட்டில் கிடந்தான். அலுவலகத்திலிருந்து அம்மாவின் நம்பருக்கு எடுத்து, எந்த வாட் என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். கேட்டுவிட்டு, கடிதத்தை அவன் வேலைக்குச் சேரும்போது கொடுத்த கிளிநொச்சி விலாசத்துக்கு அனுப்பினார்கள். நாங்கள் கொக்குவிலுக்கு வந்து எவ்வளவோ காலம். சம்பள நாளில் கொக்குவிலிலிருந்து வருகிறவன் என்று தெரியும், கடிதம் போடும்போது மட்டும் தெரியாது. அந்தக் கடிதம் திரும்பிப் போய்விட்டது. அவன் எழும்பி நடக்கத் தொடங்கிப் போனபோது, "நாங்கள் உன்னை நிறுத்தவில்லை, நீயாத்தான் போனாய்" என்றார்கள். வருத்தக்காரனாகக் கட்டிலில் கிடந்தவனைப் பார்த்து.

அந்த ஒரு வசனத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. தொழில் நியாயசபைக்குப் போனால், முதலாளி "நான் நீக்கவில்லை" என்று மறுத்தால், நீக்கினார்கள் என்பதை முதலில் ஊழியர்தான் காட்ட வேண்டி வரும். வாய்ப் பேச்சாக எல்லாம் முடிந்திருந்தால் எதைக் காட்டுவது? அதோடு விண்ணப்பத்தை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். "வாரும், பார்ப்பம்" என்று இழுத்தடித்தே அவனுக்கு அந்த ஆறு மாதமும் போய்விட்டது.

பணிக்கொடையும் இல்லை என்றார்கள். சொல்லாமல் போனவனுக்கு என்ன பணிக்கொடை என்று. இதிலும் நிறையப் பேர் ஏமாறுகிறீர்கள், அதனால் சொல்கிறேன். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்திருந்தால், 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நீங்களாக விட்டாலும் அவர்கள் நிறுத்தினாலும் அது உங்களுடைய காசு. மாதச் சம்பளக்காரர் என்றால் முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். 60,000 ரூபாய் எடுத்தவன் ஆறு வருடம் செய்திருந்தால் 180,000 ரூபாய். மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்று சொத்துக்குச் சேதம் அல்லது நட்டம் ஏற்படுத்தியது போன்ற காரணத்துக்காக நீக்கினால்தான், அந்த நட்டத்தின் அளவுக்குப் பிடிக்கலாம். வராமல் விட்டது அந்தப் பட்டியலில் இல்லை. தொழில் திணைக்களத்துக்குப் போய்த்தான் தம்பி அந்தக் காசை எடுத்தான். வேலை போனது போனதுதான்.

அந்தப் பிள்ளையைப் பற்றி "ஆரோடையோ சுத்தப் போயிருப்பாள்" என்று எழுதினவரும் எங்கள் ஊர்தான். ஆண்பிள்ளை ஒருவன் எட்டு நாள் வராவிட்டால் வருத்தமாக்கும் என்பீர்கள். வாட்டில் தாய்க்குப் பக்கத்தில் நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவளைப் பற்றி இதை எழுத எப்படி மனம் வந்தது? அந்தப் பின்னூட்டத்தை அவளும் பார்த்தாள்.

"அப்ப முதலாளி என்னதான் செய்யலாம்?" ஒன்றும் பெரிதாக இல்லை. அவள் இப்போது இருக்கிற விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதி, ஏன் வரவில்லை என்று கேளுங்கள். கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து பதில் சொல்லத் தவணை கொடுங்கள். பதில் வராவிட்டால் இன்னொன்று. பதில் வந்தால் வாசியுங்கள். ஆஸ்பத்திரித் துண்டு இருந்தால் பாருங்கள். பிறகு முடிவெடுங்கள்.

இப்படிக் கடிதம் கிடைக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்து அழ வேண்டாம். அன்றைக்கே வேலைக்குப் போங்கள். உள்ளே விடாவிட்டால் எத்தனை மணிக்குப் போனீர்கள், யார் மறித்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதி, "நான் வேலையை விடவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்" என்ற வரியையும் சேர்த்து, அன்றைக்கே பதிவுத் தபாலில் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். தபாலகத்தில் தருகிற சின்னப் பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள். வட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.

அவளுடைய பதில் கடிதம் நேற்றுப் போய்விட்டது. நான்தான் அடித்துக் கொடுத்தேன். உறையின் இரண்டு பக்கமும் பிரதி எடுத்து இணைத்திருக்கிறோம். கடையிலிருந்து சரியான பதில் வராவிட்டால் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பம் போகும். 12 ஆம் திகதி அவள் கடை வாசலுக்கு வந்து திரும்பிப் போனதைப் பார்த்த யாராவது இதை வாசித்தால், எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள்.