கடலைக்காட்டில் யார் உபரி?

கல்லூரியில் ஆர்தர் லூயிஸின் இரட்டைப் பொருளாதார மாதிரியைப் படித்தபோது எனக்கு எங்கள் சித்தப்பா வீடுதான் நினைவுக்கு வந்தது. தாரமங்கலம் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரி. ஆடிப்பட்டத்தில் கடலை போடுவார்கள். வீட்டில் ஐந்து பேர்.

ஒரு பக்கம் குடும்ப விவசாயம், இன்னொரு பக்கம் லாபத்துக்கு ஓடும் ஆலை, இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இரட்டைப் பொருளாதாரம். லூயிஸ் 1954-ல் சொன்னது இதுதான். அந்தக் காட்டில் வருஷத்துக்கு இரண்டு லட்சம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேரும் பங்கு போட்டுச் சாப்பிடுவதால் தலைக்கு 40,000. ஆனால் தம்பி ஒருவன் கிளம்பிவிட்டாலும் விளைச்சல் அதே இரண்டு லட்சம்தான், மற்ற நாலு பேரே பார்த்துக்கொள்வார்கள். அவன்தான் உபரி. அவனைக் கூப்பிட ஆலைக்காரர் 40,000-க்குக் கொஞ்சம் மேலே கொடுத்தால் போதும். இந்த இடைவெளி பொதுவாக 30 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் என்றார் லூயிஸ். அப்படியானால் 52,000. கூலி ஏறாது, லாபம் பெருகும், அதில் இன்னும் நாலு பேருக்கு வேலை. கிராமத்தில் உபரி ஆள் தீரும்வரை இப்படியே ஓடும்.

தம்பி விசைத்தறிப் பட்டறைக்குப் போனான். சரி, கணக்கு பலித்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

கடலை பறிக்கிற வாரம் வந்தது. ஈரம் இருக்கும்போதே செடியைப் பிடுங்க வேண்டும். மண் இறுகினால் காம்பு அறுந்து காய் உள்ளேயே தங்கிவிடும். மழை பிடித்துக்கொண்டால் கொத்து ரக நிலக்கடலை மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். கூலிக்கு ஆள் பிடிக்கலாமே என்பீர்கள். ஒரே மழைக்கு ஊரே விதைத்தது, ஒரே வாரத்தில் ஊரே பறிக்கிறது. ஆள் எங்கே கிடைக்கும்? சித்தப்பா போன் போட்டார், தம்பி பத்து நாள் லீவு சொல்லிவிட்டு வந்தான். பட்டறை ஓனர் திட்டினார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, தறி நின்றால் அவருக்கு நஷ்டம்.

மாதிரி உடைகிற இடம் இதுதான் என்பது என் கருத்து. எங்கள் ஊரில் உபரியாக இருப்பது ஆள் இல்லை, நாள். தம்பி பல மாதம் உபரி, பத்து நாள் அவனில்லாமல் முடியாது. ஆண்டு சராசரி போட்டால் அந்தப் பத்து நாள் கண்ணிலேயே படாது.

1979-ல் லூயிஸோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட தியோடர் ஷுல்ட்ஸ், உபரி ஆள் என்பதையே ஒப்பவில்லை. 1918-19 இன்ஃப்ளூயன்சாவில் இந்தியாவில் அத்தனை பேர் இறந்தபோது சாகுபடிப் பரப்பும் குறைந்தது, ஆள் உபரியாக இருந்திருந்தால் ஏன் குறைய வேண்டும் என்று கேட்டார். அமர்த்தியா சென் அதை மறுத்தார். வீட்டுக்கு ஒருவர் வேலைக்குக் கிளம்புவதும் கொள்ளைநோய் சில வீடுகளை மொத்தமாகச் சாய்ப்பதும் ஒன்றல்ல என்பது அவர் வாதம். அது நியாயம்தான். ஆனால் இருவருமே பேசியது ஆள் கணக்கை, மாதக் கணக்கை அல்ல.

இன்னொன்று. தம்பி நிலத்தை விடவே இல்லை. தறி ஓடாத மாதம் அவனுக்குச் சோறு போடுவது காடுதான். 2018-19-ல் நாட்டின் உழைப்பாளிகளில் 42.5 சதவீதம் பேர் விவசாயத்தில் இருந்தார்கள். ஊரடங்கு வந்த 2019-20-ல் அது 45.6 ஆனது. லூயிஸின் படத்தில் அம்புக்குறி ஒரே பக்கம்தான் போகும். எங்கள் ஊரில் பஸ் இரண்டு பக்கமும் ஓடுகிறது. சும்மா இருக்கும் மாதங்களில் அவனுக்குக் காடு சோறு போடுவதால், ஓனரும் ஓடுகிற நாளுக்கு மட்டும் கூலி கொடுத்துத் தப்பித்துக்கொள்கிறார்.