டாக்டர் லீவுல போகல சார்

நேத்து ராத்திரி ஆன்லைன் க்விஸ்ல நடந்தத பெரும்பாலும் எல்லாரும் பாத்துட்டீங்க, அதனால கதைய முதல்லருந்து சொல்லப் போறதில்ல. கேள்வி இதான்: விண்வெளிக் கப்பல் கதையான ஸ்டார் ட்ரெக் பழைய சீரியல் முதல் சீசன், மூணாவது எபிசோட்ல கப்பலோட டாக்டர் மெக்காய் ஏன் இல்ல? நான் எழுதுனது "அவரு அப்ப கப்பலுக்கே வரல". க்விஸ் மாஸ்டர் கையில இருந்த விடை "லீவுல போயிருக்காரு, பதிலுக்கு டாக்டர் பைப்பர் வந்தாரு". எனக்கு சைபர். ஒரு மார்க்ல தோத்தோம். அதுக்கு மேல "ஓவர் ஆராய்ச்சி உடம்புக்கு ஆகாது"ன்னு ஒரு கண்ணடிக்கிற ஸ்மைலி வேற.

சரி. அது மூணாவது எபிசோடே இல்லங்க. மூணாவதா ஒளிபரப்பான எபிசோட். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு வருஷத்துக்கு மேல இருக்கு.

அந்த எபிசோட் பேரு 'வேர் நோ மேன் ஹேஸ் கான் பிஃபோர்', எடுத்தது 1965 ஜூலைல. என்பிசி சேனல் முதல் பைலட்ட, அதாவது சீரியல் ஓகே பண்ண முன்னாடியே எடுத்துக் காட்டுற சாம்பிள் எபிசோட, வேணாம்னுட்டு, இன்னொண்ணு எடுத்துக் காட்டுங்கன்னு கேட்டதால எடுத்த ரெண்டாவது பைலட் அது. பின்னாடி மெக்காயா நடிச்ச டிஃபாரஸ்ட் கெல்லி அப்ப டீம்லயே கிடையாது. டாக்டர் பைப்பரா நடிச்சவர் பால் ஃபிக்ஸ். சீரியல் ஓகே ஆகி, ரெகுலர் ஷூட்டிங் ஆரம்பிச்சது 1966 மே கடைசில, அப்பதான் மெக்காய் வர்றாரு. சேனல்காரங்க செப்டம்பர் 8ஆம் தேதி முதல் வாரத்துக்கு எடுத்துக்கிட்டது 'தி மேன் டிராப்'. உப்ப உறிஞ்சுற ஒரு பூதம், புதுக் கிரகம், ஆள் ஆளா சாவுறாங்க, முதல் நாளே ஆள உக்கார வைக்கிற சரக்கு. எடுத்த வரிசைல அது ஆறாவது. பைலட்ட செப்டம்பர் 22க்குத் தள்ளிட்டாங்க.

இப்ப அந்த மூணாவது வாரம் டிவி முன்னாடி உக்காந்துருக்கறவர் நிலைமைய யோசிச்சுப் பாருங்க. ரெண்டு வாரமா நீலச் சட்டைல பாத்த கப்பல் அதிகாரி ஸ்பாக் திடீர்னு மஞ்சச் சட்டைல இருக்காரு, புருவம் இன்னும் கூர்மையா மேல ஏறிருக்கு. கப்பல்ல தகவல் தொடர்பு பாக்கற உஹுரா இல்ல. கேப்டன் கிர்க்கோட உயிர் நண்பன்னு ஒரு கேரி மிட்செல் கப்பல ஓட்டிட்டிருக்காரு, இவர ரெண்டு வாரமா ஒரு ஃப்ரேம்ல கூட காணோம். பாக்கறவங்களுக்குக் கேள்வி வராதா? வரும். "லீவு"ன்னு பதில் சொன்னா அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில். ஸ்பாக்கோட புருவமும் லீவுல போச்சா?

"ஒளிபரப்புனதுதான் அஃபிஷியல் வரிசை"ன்னு ஒருத்தர் கமெண்ட்ல சொல்லிருந்தாரு. தாராளமா. எது முதல்ல டிவில வந்ததுன்னு கேட்டா நானும் 'தி மேன் டிராப்'னுதான் சொல்லுவேன். ஆனா ஏன் ஒருத்தர் இல்லன்னு கேட்டா அது கதைக் கேள்வி, கதைக் கேள்விக்கு டிவி கேலண்டர் பதில் சொல்லாது. இவ்வளவுதான் நான் சொல்றது, இதையேதான் நேத்தும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன்.

எனக்கு ஏன் இவ்ளோ கோவம்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கு. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி இத நானும் அக்காவும் ஒளிபரப்பு வரிசைலதான் பாத்தோம். பத்தாவது எபிசோட், 'தி கார்போமைட் மேனுவர்'. கிர்க்குக்கு ரேண்ட்னு ஒரு பொண்ணு சாப்பாடு கொண்டு வரும், டாக்டர் டயட் மாத்திட்டாருன்னு தட்டு நிறைய பச்சை இலை. கிர்க் கடுப்பாகி, எனக்குப் போய் ஒரு பொம்பள உதவியாளரப் போட்ட அந்த தலைமையக மேதாவி மட்டும் என் கைல கிடைச்சான்னான்னு மெக்காய்கிட்ட புலம்புவாரு. அக்கா உடனே, "ஏன்டா, இந்தப் பொண்ணு முதல் வாரத்துலருந்தே தட்டத் தூக்கிட்டு நடக்குது, இப்பதான் வேலைக்கு சேந்த மாதிரி பேசுறாரு?"ன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா, "ஒழுங்கா கவனிச்சுப் பாக்கா, தெரியாம பேசாத". பெரிய மேதாவி நானு. அக்கா அதுக்கப்புறம் என்கூட உக்காந்து அந்த சீரியல் பாக்கல.

அப்புறம் ஒரு ஃப்ரெண்டு வீட்டுல பழைய டிவிடி கிடைச்சது, ஒரு டிஸ்க்குக்கு ரெண்டு எபிசோட், எடுத்த வரிசைல போட்டது. முதல் டிஸ்க்க எடுத்துப் பாக்கறேன்: பைப்பர் டாக்டரா இருக்கற பைலட், அதுக்கு அடுத்ததே கார்போமைட். பைலட்டுகளுக்கு அப்புறம் எடுத்த முதல் ரெகுலர் எபிசோடே அதான். கிராஃபிக்ஸ் வேலை, அதாவது அந்தக் காலத்து ஆப்டிகல் வேலை, அதுல ஏகப்பட்டது, விண்வெளில ஒரு ராட்சச உருண்டைக் கப்பல் வரணும்ல, அது முடிய நாளாகி நவம்பர் 10தான் டிவிக்கு வந்தது. அதுக்குள்ள அந்தப் பொண்ணு மேல ஒரு பையன் பைத்தியமா அலையற எபிசோட் வந்தாச்சு, கிர்க்கோட கெட்ட பாதி அவ மேல பாயற எபிசோடும் வந்தாச்சு. அக்கா சொன்னது நூத்துக்கு நூறு சரி. உஹுரா சட்டையப் பாத்தாலே தெரிஞ்சுருக்கும், கார்போமைட்ல மஞ்சள், முதல்ல ஒளிபரப்பான எபிசோட்ல சிவப்பு. உடுப்பு பின்னாடி போகுதுன்னா எபிசோட் இடம் மாறிருக்குன்னு சந்தேகப்படணும். எனக்கு அன்னிக்கு அந்த அறிவு இல்ல.

"அப்ப எடுத்த வரிசைதான் கதை வரிசையா?"ன்னு மடக்குறவங்களுக்கு: இல்ல, முழுசா இல்ல. எபிசோட்ல கதைக்குள்ள தேதியா வர்ற ஸ்டார்டேட் நம்பரப் பாருங்க. பைலட் 1312.4, கார்போமைட் 1512.2, மேன் டிராப் 1513.1. அழகா எடுத்த வரிசைலயே ஏறுது, பைப்பருக்கு அப்புறம்தான் மெக்காய்ங்கறதுக்கு கப்பலோட டைரியே சாட்சி. ஆனா கார்போமைட்டுக்கு அடுத்து எடுத்த 'மட்ஸ் விமன்' 1329.8னு பின்னாடி குதிக்குது. ஒத்துக்கறேன், அந்த நம்பர் எல்லா இடத்துலயும் ஒழுங்கா இல்ல. பைலட்ல கிர்க்குக்கு வர்ற கல்லறைக் கல்லுல பேரோட நடு எழுத்து 'ஆர்'னு இருக்கும், அப்புறம் 'டி'ன்னு மாறிடும், அது வரிசைப் பிரச்சனையே இல்ல, சும்மா மாறிப்போனது. எல்லாத்தையும் நான் வரிசை மேல தூக்கிப் போடல. ஒளிபரப்பு வரிசைய வச்சு "லீவு"ன்னு ஒரு கதைய நீங்களா கட்டாதீங்கன்னுதான் சொல்றேன். அந்த எபிசோட் முழுக்க லீவுங்கற பேச்சே கிடையாது, வேணும்னா இன்னொரு தடவ ஓட்டிப் பாருங்க, அம்பது நிமிஷம்தான்.

"ஒரு மார்க்குக்கு இவ்ளோ பெரிய பதிவா"ன்னு கேப்பீங்க, கேளுங்க. என் டீம்ல மூணு பேரு இருந்தாங்க, மூணு பேருக்கும் இது தெரியும், நானே எத்தனையோ தடவ சொல்லிருக்கேன், ஒருத்தர் கூட மைக்க அன்மியூட் பண்ணல. அதான் வலிக்குது. ஸ்மைலி போட்டவர் மேல கூட அவ்ளோ இல்ல.

காலைல அக்காவுக்கு ஃபோன் போட்டு க்விஸ் கதைய சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அன்னிக்கு என்னைய தெரியாம பேசாதன்னியே, ஞாபகம் இருக்கா?"ன்னா. இருக்குக்கான்னேன். "உன் க்விஸ் மாஸ்டர் அளவுக்கு நீ ஸ்மைலி போடல, அது வரைக்கும் சந்தோஷம்"னுட்டு வச்சுட்டா.

க்விஸ் மாஸ்டர் சார், மார்க்க நீங்களே வச்சுக்கோங்க. விடைத்தாள்ல "லீவு"ன்னு இருக்கறத மட்டும் அடிச்சுடுங்க, அடுத்த மாசம் இதே கேள்விய வேற குரூப்புக்குப் போடுவீங்கன்னு எனக்குத் தெரியும்.